ஆலை கட்டும்போது ஓடும் வட்டி: சேர்ப்பதை எந்த நாளில் நிறுத்துவது?

புதிய ஆலைக்காகக் கடன் வாங்கிவிட்டால், அந்த ஆலை ஒரு கிலோ பொருள்கூடச் செய்யாத காலத்திலும் மாதந்தோறும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வட்டியை ஆலையின் அடக்கச் செலவோடு சேர்ப்பதா, அந்த ஆண்டின் நட்டத்தில் எழுதுவதா என்பது ஒரு காலத்தில் நிறுவனத்தின் விருப்பமாக இருந்தது. பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 23 இரண்டு வழிகளையும் அனுமதித்தது. 2007-இல் அது திருத்தப்பட்டு, 2009 ஜனவரி 1 முதல் தொடங்கிய கணக்காண்டுகளுக்கு அந்த விருப்பம் நீங்கியது. கட்டி முடிக்க நீண்ட காலம் பிடிக்கும் சொத்துக்கு நேரடியாகச் சேரும் கடன் செலவை அதன் அடக்கத்தில் சேர்த்தே ஆக வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென 2009-இல் வெளியான தனித் தரநிலை மட்டும் இதற்கு நேர்மாறாக, எல்லா வட்டியையும் உடனே செலவாக எழுதச் சொன்னது. அந்தத் தரநிலையைப் பின்பற்றியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கேள்வியே எழாது.

மற்றவர்களுக்குச் 'சேர்ப்பதா, வேண்டாமா' என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. 'எதுவரை சேர்ப்பது' என்ற கேள்வி தீரவில்லை. தொடங்கும் நாளைக் கண்டுபிடிப்பதில் அதிகத் தொல்லை இல்லை. செலவு செய்யத் தொடங்கியிருக்க வேண்டும், கடனுக்கு வட்டி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும், ஆலையை உருவாக்கும் வேலை நடக்க வேண்டும். இம்மூன்றும் முதன்முதலில் ஒன்றுகூடும் நாளே தொடக்கம். வரைபடம் தயாரிப்பது, கட்டுமானத்துக்கு முன் அனுமதி வாங்குவது போன்றவையும் வேலையில் அடங்கும். நிலத்தை வாங்கிச் சும்மா வைத்திருப்பது அடங்காது. நிறுத்தும் நாளில்தான் நிறுவனமும் தணிக்கையாளரும் கடனளித்த வங்கியும் ஆளுக்கொரு நாளைக் காட்டுவார்கள். ஒவ்வொருவர் காட்டும் நாளுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்த நாட்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை, எப்போது தேர்வது என்று சொல்வதே என் நோக்கம்.

ஒரு மாதிரி ஆலையை எடுத்துக்கொள்வோம். பழைய இரும்பை உருக்கும் உலை, உருகிய இரும்பைப் பில்லட்டாக வார்க்கும் பகுதி, பில்லட்டைக் கட்டடக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைகின்றன. கட்டுமானமும் இயந்திரமும் சேர்ந்து 136 கோடி. இதற்கெனவே 120 கோடி கடன், ஆண்டு வட்டி 10 சதவீதம். முதல் மாதத் தொடக்கத்தில் 60 கோடியும், பதினோராம் மாதத் தொடக்கத்தில் மீதி 60 கோடியும் கைக்கு வருகின்றன. முதல் பத்து மாதங்களுக்கு மாதம் 50 லட்சம், அதன்பின் மாதம் 1 கோடி வட்டி. எடுத்த கடனில் உடனே செலவாகாத தொகையை வைப்பில் போட்டதில் 1 கோடி வருமானம் வந்தது. இந்தக் கடன் இந்த ஆலைக்கென்றே வாங்கியது என்பதால், அந்த வருமானத்தைக் கழித்த பிறகே வட்டியைச் சேர்க்க வேண்டும். கடன் போக மீதி 16 கோடியும், மாதாமாதம் கட்டிய வட்டியும் நிறுவனத்தின் சொந்தப் பணம். சொந்தப் பணத்துக்கு 'வட்டி வந்திருக்குமே' என்று ஒரு கற்பனைத் தொகையைச் சேர்க்க இடமில்லை. உண்மையில் ஏற்பட்ட கடன் செலவு மட்டுமே சேரும்.

இனி நாட்கள். பதினெட்டாம் மாத முடிவில் கட்டடமும் இயந்திரப் பொருத்தமும் முடிந்து, ஒப்பந்ததாரர் பொருத்தும் பணி முடிந்ததாகச் சான்று தருகிறார். பத்தொன்பதாம், இருபதாம் மாதங்களில் சோதனை ஓட்டம் நடந்து, இருபதாம் மாத முடிவில் இயந்திரங்கள் தேறுகின்றன. இருபத்து மூன்றாம் மாதம் முடிந்தபின் நிர்வாகம் வணிக உற்பத்தி தொடங்கியதாக அறிவிக்கிறது. இருபத்தொன்பதாம் மாத முடிவில் ஆலை தன் முழுத் திறனை எட்டுகிறது. நான்கில் எந்த நாளில் வட்டியை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, அடக்கத்தில் சேரும் நிகர வட்டி 12 கோடி, 14 கோடி, 17 கோடி, 23 கோடி என்று மாறுகிறது. ஆலை அதே ஆலை, வங்கிக்குக் கட்டும் பணமும் அதே பணம். ஏட்டில் உள்ள விலை மட்டும் 148 கோடியிலிருந்து 159 கோடிவரை நகர்கிறது.

தரநிலையின் சொல் சுருக்கமானது. சொத்தை அதன் நோக்கப்பட்ட பயன்பாட்டுக்குத் தயாராக்கும் வேலைகள் ஏறக்குறைய எல்லாமே முடிந்ததும் நிறுத்து என்கிறது. அமெரிக்காவில் 1979-இல் வந்த விதியும், சொத்து பெரும்பாலும் முடிந்து நோக்கப்பட்ட பயன்பாட்டுக்குத் தயாரானதும் நிறுத்தச் சொல்கிறது. இரண்டிலும் 'தயார்' என்பதே அச்சாணி. பயன்பட்டதா, விற்றதா, லாபம் வந்ததா என்ற பேச்சு இரண்டிலும் இல்லை.

கட்டி முடித்த நாள்

முதல் தெரிவை ஆதரிப்பவர்களுக்குத் தரநிலையிலேயே ஒரு வாசகம் துணை நிற்கிறது. கட்டுமானம் முடிந்துவிட்டால், வழக்கமான நிர்வாக வேலை இன்னும் மிச்சமிருந்தாலும், சொத்து தயார் என்றே பொதுவாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. வாங்குபவரின் விருப்பப்படி செய்யும் அலங்காரம் போன்ற சிறு மாற்றங்கள் மட்டும் மிச்சமிருந்தாலும் அப்படித்தான். கிடங்கு, அலுவலகக் கட்டடம், ஊழியர் குடியிருப்பு ஆகியவற்றுக்கு இது முழுக்கப் பொருந்தும். சுவரும் கூரையும் மின் இணைப்பும் வந்துவிட்டால் கிடங்கு கிடங்குதான். சரக்கு வரக் காத்திருப்பது கட்டுமானத்தின் பகுதி ஆகாது.

உலைக்கும் ரோலிங் மில்லுக்கும் இதை அப்படியே பொருத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பொருத்தி முடித்த மறுநாள் அந்த மில்லால் கம்பி இழுக்க முடியாது. முதலில் இரும்பு செலுத்தாமல் வெறுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும், பிறகு சுமையோடு ஓட்ட வேண்டும், உருளைகளின் இடைவெளியைத் திருத்த வேண்டும், குளிர்விக்கும் நீரின் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். இவை ஆலையின் நிலையையே மாற்றும் தொழில்நுட்ப வேலைகள். 'வழக்கமான நிர்வாக வேலை' என்ற சொல்லுக்குள் அடங்குபவை அல்ல. நிலையான சொத்துகளுக்கான தரநிலை 16-உம், சொத்து சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கும் செலவை அடக்கத்தின் பகுதியாகவே வைக்கிறது. சோதனைச் செலவு அடக்கத்தில் சேரும்போது, அதே சோதனைக் காலத்து வட்டியை மட்டும் வெளியே தள்ளுவதில் பொருத்தமில்லை.

முந்தியே நிறுத்துவது எச்சரிக்கையான வழி, அதனால் தவறாகாது என்று சிலர் சொல்வார்கள். நம் ஆலையில் அதன் விளைவைப் பாருங்கள். 2 கோடி வட்டி உரிய இடத்தை விட்டு நட்டத்துக்குப் போகிறது. கூடவே, சொத்து பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து தேய்மானமும் தொடங்க வேண்டும் என்பதால், இன்னும் ஒரு கம்பிகூட இழுக்காத மில்லுக்கு இரண்டு மாதத் தேய்மானமும் எழுத நேர்கிறது. எச்சரிக்கை என்ற பெயரில் வந்தாலும் இது தவறான கணக்கே.

சோதனை தேறிய நாள்

தொடர் உற்பத்தி ஆலைகளுக்கு இரண்டாவது தெரிவே பெரும்பாலும் சரியானது. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: 'தேறியது' என்பதற்கு அளவுகோல் என்ன?

தரநிலை 16-க்கு 2020 மே மாதம் வந்த திருத்தம், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே நல்ல வெளிச்சம் தந்தது. சோதனை என்பது சொத்தின் தொழில்நுட்பத் திறனும் இயக்கத் திறனும் உற்பத்திக்குப் பயன்படும் அளவுக்கு இருக்கின்றனவா என்று பார்ப்பது. நிர்வாகம் எதிர்பார்த்த லாப விகிதம் போன்ற நிதிச் செயல்பாடு அதில் சேராது என்று அது தெளிவாகச் சொன்னது. அதே திருத்தம், சோதனை ஓட்டத்தில் விளைந்த பொருளை விற்ற பணத்தை ஆலையின் அடக்கத்திலிருந்து கழிக்கும் பழைய வழக்கத்தையும் நிறுத்தியது. விற்ற பணமும் அந்தப் பொருளைச் செய்த செலவும் இப்போது லாப நட்டக் கணக்குக்கே போகின்றன. முன்பு சோதனைக் காலத்தை நீட்டினால் விற்பனைப் பணம் ஆலையின் விலையைக் குறைத்து, நீட்டியதன் சுவடு ஓரளவு மறைந்துவிடும். இப்போது 'சோதனையில்தான் இருக்கிறோம்' என்று சொல்லும் நிறுவனத்தின் கணக்கில் விற்பனை வருவாய் தனியாகத் தெரிகிறது.

நம் ஆலையின் ஒப்பந்தத்தில், மணிக்கு 20 டன் வடிவமைப்புத் திறன் கொண்ட மில், தொடர்ந்து 72 மணி நேரம், அந்தத் திறனில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஓடி, கம்பி வலிமைச் சோதனையில் தேற வேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். பத்தொன்பதாம் மாதத்தில் முதல் முயற்சியில் பில்லட் உருளைகளுக்கிடையே சிக்கியது, பல்சக்கரப் பெட்டி அதிர்ந்தது, கழற்றிச் சரிசெய்தார்கள். இருபதாம் மாதக் கடைசியில் மணிக்குச் சராசரி 16 டன் வேகத்தில் 72 மணி நேரம் ஓடி, கம்பியும் தேறியது. மில் தயார். மணிக்கு 20 டன் இன்னும் வரவில்லையே என்பது இங்கே காரணமாகாது. தயாராகிவிட்ட சொத்தைக் குறைந்த திறனில் ஓட்டுவதால் வரும் செலவை அடக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று தரநிலை 16 நேரடியாகவே தடுக்கிறது.

இப்படி அளவுகோல் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் இருந்தால், நாளைக் குறித்த சண்டை பெரும்பாலும் எழாது. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், சோதனை தொடங்குவதற்கு முன்பே தொழில்நுட்பப் பிரிவும் கணக்குப் பிரிவும் சேர்ந்து ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கையெழுத்திட வேண்டும்: எவ்வளவு நேரம், எந்த வேகம், எந்தத் தரம். சோதனை முடிந்த பிறகு எழுதப்படும் அளவுகோல், ஏற்கெனவே தெரிந்த விடைக்குப் பொருத்தமாகவே அமையும். எந்த நாள் லாபக் கணக்குக்கு வசதி என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

வணிக உற்பத்தி அறிவித்த நாள்

நடைமுறையில் அதிகம் தேர்வாவது இந்த மூன்றாவது தெரிவு. அதிகம் தவறுவதும் இதில்தான். கடன் ஒப்பந்தத்தில் வணிக உற்பத்தி நாள் என்று ஒன்று இருக்கும். அசல் தவணை எப்போது தொடங்கும் என்பது அதைப் பொறுத்தது. இயக்குநர் குழு தீர்மானத்திலும் பத்திரிகைச் செய்தியிலும் அதே நாள் இடம்பெறும். ஏற்கெனவே எழுத்தில் இருக்கும் நாள் என்பதால் கணக்கரும் அதையே எடுத்துக்கொள்கிறார். சோதனை தேறியதும் அறிவிப்பு வந்துவிட்டால் இரண்டு நாட்களும் ஒன்றே, தொல்லையில்லை. இடையில் மாதங்கள் ஓடினால்தான் பிரச்சினை.

நம் ஆலையில் மூன்று மாதங்கள் ஓடின. பெரிய வாங்குநர்களின் தர ஒப்புதல் வரவில்லை, சந்தையில் கம்பி விலையும் இறங்கியிருந்தது என்று நிர்வாகம் காரணம் சொல்கிறது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை மில்லின் நிலையைப் பற்றியவை அல்ல. சந்தையின் நிலையைப் பற்றியவை. அந்த மூன்று மாதங்களில் ஆலை 9,000 டன் கம்பி செய்து விற்றது. செய்து விற்க முடிந்த ஆலையைத் தயாராகவில்லை என்று சொல்ல முடியாது.

இதன் தொகையைக் கணக்கிட்டால் விஷயம் இன்னும் துலங்கும். மூன்று மாத வட்டி 3 கோடி தவறாக அடக்கத்தில் ஏறுகிறது. அதோடு, தேய்மானமும் மூன்று மாதம் தாமதமாகத் தொடங்குகிறது. எளிமைக்காக ஆலை முழுவதற்கும் ஆயுள் 20 ஆண்டு என்று கொண்டால், 150 கோடிக்கு ஆண்டுத் தேய்மானம் 7.5 கோடி, மாதம் 62.5 லட்சம், மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 1.88 கோடி. ஆக, அந்த ஆண்டின் லாபம் 4.88 கோடி அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். கூடுதலாக ஏறிய 3 கோடி பின்னர் ஆண்டுக்கு 15 லட்சமாக, இருபது ஆண்டுகளில் மெல்லக் கரையும். வட்டியை மட்டும் பார்ப்பவர்கள் தேய்மானத்தின் பங்கைத் தவறவிடுவது வழக்கம். இரண்டும் ஒரே நாளைச் சார்ந்தவை என்பதால் பிழையும் இரட்டிப்பாக வருகிறது.

இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மின் கட்டணப் பட்டியல்களை மாதவாரியாக அடுக்கினால் போதும். உருக்கும் உலை நின்றிருந்தால் மின் அளவும் படுத்திருக்கும், ஓடியிருந்தால் ஏறியிருக்கும். இருபத்தோராம் மாதத்திலும் இருபத்து நான்காம் மாதத்திலும் மின் அளவு ஒத்திருந்தால், இடையில் நடந்ததாகச் சொல்லப்படும் 'சோதனை முடிவு' ஏட்டில் மட்டுமே நடந்தது என்று பொருள். பழைய இரும்பு வாங்கிய பட்டியல், மூன்று ஷிப்டுகளுக்கும் ஆள் போட்ட வருகைப் பதிவு, ஒரே வாங்குநருக்குத் திரும்பத் திரும்பப் போன சரக்குச் சீட்டு ஆகிய எல்லாமே அதே கதையைச் சொல்லும். ஒப்பந்ததாரரின் ஆட்கள் எப்போது வளாகத்தை விட்டுக் கிளம்பினார்கள் என்று வாயில் பதிவேட்டில் பார்ப்பதும் நல்ல சான்று. சோதனை நடக்கும்வரை அவர்கள் போகமாட்டார்கள்.

வரிச் சட்டத்துக்கெனத் தனி நாள் இருக்கலாம், வங்கிக்குத் தனி நாள் இருக்கலாம். அவற்றை அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. மூன்று நாட்களும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்று ஒன்றை மற்றொன்றின்மேல் வலிந்து பொருத்துவதுதான் தவறு.

முழுத் திறன் வந்த நாள்

நான்காவது தெரிவை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. தொடக்க கால இயக்க நட்டமும், குறைந்த திறனில் ஓட்டும் செலவும் அடக்கத்தில் சேராது என்பது தரநிலை 16-இல் எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஆலையில் இந்த நாளைத் தேர்ந்தால், சரியான நாளிலிருந்து ஒன்பது மாத வட்டி 9 கோடியும், ஒன்பது மாதத் தேய்மானம் 5.63 கோடி அளவிலும் லாபக் கணக்கிலிருந்து விலகிப்போகும். எந்தக் காரணத்தாலும் இதை நியாயப்படுத்த முடியாது.

ஒரே சொத்தா, பகுதிகளா?

இதுவரை ஆலையை ஒரே பொருளாகக் கொண்டோம். அதுவே ஒரு முடிவுதான். உண்மையில் நான்கு நாட்களுக்கிடையே தேர்வதைவிட இந்த முடிவே கடினமானது என்று நினைக்கிறேன்.

ஒரு பகுதி முடிந்து, மற்றப் பகுதிகளின் வேலை தொடரும்போதே அதைத் தனியாகப் பயன்படுத்த முடியுமானால், அந்தப் பகுதிக்கு வட்டி சேர்ப்பதை அப்போதே நிறுத்த வேண்டும் என்கிறது தரநிலை 23. பல கட்டடங்கள் கொண்ட வணிக வளாகம் அதற்கு எடுத்துக்காட்டு. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியே பயன்படும். எதிர்ப்பக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல செய்முறைகள் ஒரே வளாகத்தின் வெவ்வேறு பகுதிகளில் நடக்கும் ஆலைக்கு எஃகு ஆலையையே எடுத்துக்காட்டாகத் தருகிறது. அங்கே முழுத் தொடரும் தயாராகும்வரை எந்தப் பகுதியும் தயார் ஆவதில்லை.

நம் ஆலையும் இரும்பு ஆலை. அப்படியானால் கேள்வி தீர்ந்ததா? தீரவில்லை. ரோலிங் மில் பதினைந்தாம் மாத முடிவிலேயே, வெளியில் வாங்கிய பில்லட்டை வைத்துச் சோதித்துத் தேறிவிட்டது. உலையும் வார்ப்பும் மட்டும் இருபதாம் மாதம்வரை இழுத்தன என்று கதையைச் சற்று மாற்றிப் பாருங்கள். இங்கே இரண்டு வாதங்கள் மோதுகின்றன. மில்லை அமைத்த நோக்கமே சொந்த உலையின் பில்லட்டைக் கம்பியாக்குவது. வெளிப் பில்லட்டை வாங்கி இழுத்தால் நட்டம். எனவே முழுத் தொடரும் முடியும்வரை மில் தயாரில்லை என்பது ஒன்று. எங்கிருந்து வந்த பில்லட்டானாலும் மில் கம்பி இழுக்கிறது, எனவே தனியாகப் பயன்படும் என்பது மற்றொன்று.

என் அளவுகோல் இது. பில்லட் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் பொருளாக இருந்து, நிறுவனமும் அந்த ஐந்து மாதங்களில் வாங்கிய பில்லட்டில் கம்பி செய்து வழக்கமாக விற்றிருந்தால், மில் தனியாகப் பயன்படக்கூடியது என்பதை அதன் செயலே காட்டிவிட்டது. லாபம் குறைவு என்பது பொருட்டல்ல; தயார்நிலைக்கு லாபம் அளவுகோல் அல்ல என்று மேலே பார்த்தோம். மாறாக, உலையிலிருந்து சூடு தணியாத பில்லட்டை நேராக மில்லுக்குள் செலுத்தும் வகையில் வடிவமைத்து, குளிர்ந்த பில்லட்டை மறுபடி சூடாக்கும் உலையே வைக்கவில்லை என்றால், வெளிப் பில்லட்டைக் கொண்டு மில்லை நடத்தவே முடியாது. அங்கே தொடர் என்பது உண்மையான தொடர். வரைபடத்தில் மறுசூடாக்கும் உலை இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிரிப்பது என்று முடிவானால் வட்டியையும் பிரிக்க வேண்டும். பதினைந்தாம் மாதம்வரை செலவான 125 கோடியில் மில்லுக்கு 50 கோடி என்றால் ஐந்தில் இரண்டு பங்கு. வேறு நெருக்கமான அடிப்படை இல்லாதபோது, மாத வட்டியான 1 கோடியில் ஏறக்குறைய 40 லட்சத்தைப் பதினாறாம் மாதம் முதல் செலவாக எழுதலாம். ஐந்து மாதத்துக்கு 2 கோடி. மில்லின் தேய்மானமும் பதினாறாம் மாதமே தொடங்கும். உலைக்கும் வார்ப்புக்கும் மட்டும் வட்டி தொடர்ந்து சேரும்.

ஆலைக் கூரையைப் பற்றி அடிக்கடி ஒரு கேள்வி வரும். கூரைக் கட்டடம் ஒன்பதாம் மாதமே முடிந்துவிட்டதே, அதற்கு நிறுத்த வேண்டாமா? அந்தக் கூரையின் நோக்கம் அடியில் உள்ள இயந்திரத்தை மூடிக் காப்பது. இயந்திரம் பொருத்தி முடிக்கும்வரை அதற்குத் தனிப் பயன் இல்லை. ஆகவே அது தொடரின் பகுதியே. வளாகத்தின் ஓரத்தில் இருக்கும் சரக்குக் கிடங்கு அப்படியல்ல.

நிறுத்துவதும் இடைநிறுத்துவதும்

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் வரும் பிழைகள் பல. சொத்து தயாராகிவிட்டால் வட்டி சேர்ப்பது அத்தோடு முடிந்தது, மறுபடி தொடங்காது. சொத்து தயாராகாமலே வேலை நீண்ட காலம் நின்றுபோனால், நின்ற காலத்துக்கு மட்டும் சேர்ப்பதை இடைநிறுத்தி, வேலை மீண்டதும் தொடர வேண்டும்.

பதினெட்டாம் மாதத்தில் பொருத்தும் பணி முடிந்தும், உயர் அழுத்த மின் இணைப்பு நான்கு மாதம் வரவில்லை என்று கொள்வோம். உலையை ஓட்டிச் சோதிக்க வழியில்லை. ஆலை தயாராகவில்லை, எனவே நிறுத்தும் நாள் வரவில்லை. ஆனால் அந்த நான்கு மாதங்களில் ஆலையின் நிலையை மாற்றும் வேலை எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த 4 கோடி வட்டியைச் சேர்க்க முடியாது, செலவுதான். அதே காலத்தில் கட்டுப்பாட்டு முறைகளை அமைப்பது, குழாய்களை அழுத்தச் சோதனை செய்வது போன்ற கணிசமான தொழில்நுட்ப வேலை நடந்திருந்தால் இடைநிறுத்த வேண்டியதில்லை. சொத்தைத் தயாராக்கும் வழியில் தவிர்க்க முடியாத தற்காலிகத் தாமதமும் இடைநிறுத்தத்துக்குக் காரணமாகாது. அந்தப் பகுதியில் கட்டுமானக் காலத்தில் நீர்மட்டம் உயர்வது வழக்கம் என்றால், அதனால் பாலம் கட்டுவது தாமதமாவதைத் தரநிலை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. மின் இணைப்புத் தாமதத்தை அந்த வகையில் சேர்க்க எனக்குத் துணிவில்லை. நீர்மட்டம் உயர்வது எல்லோருக்கும் முன்பே தெரிந்த பருவ நிகழ்வு. மின் இணைப்புத் தாமதமோ பெரும்பாலும் திட்டமிடலில் வந்த ஓட்டை.

தளத்தில் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இருந்தால் இங்கே கைகொடுக்கும். எந்த நாளில் எத்தனை பேர், என்ன வேலை செய்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். நான்கு மாதப் பக்கங்களிலும் காவலாளிகளின் பெயர் மட்டுமே இருந்தால் வேலை நின்றிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நிறுத்திய பிறகு அந்தக் கடன் எங்கே போகிறது?

இருபதாம் மாத முடிவில் நிறுத்திவிட்டோம். ஆலை 150 கோடியில் ஏட்டில் நிற்கிறது. 120 கோடி கடனோ இன்னும் தீரவில்லை. இருபத்தோராம் மாத வட்டி 1 கோடியும் அப்படியே செலவாகிவிடுமா?

வேறு கட்டுமானம் எதுவும் இல்லை என்றால் ஆம். இருந்தால் கணக்கு மாறும். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரு சொத்துக்கென்றே வாங்கிய கடன், அந்தச் சொத்து தயாரான பிறகும் தீராமல் இருந்தால், நிறுவனத்தின் பொதுக் கடன்களோடு சேர்ந்துவிடுகிறது. இந்த நிறுவனத்துக்கு 8 சதவீத வட்டியில் 80 கோடி வேறு கடன் இருக்கிறது என்று கொள்வோம். ஆண்டு வட்டி 12 கோடியும் 6.4 கோடியும் சேர்ந்து 18.4 கோடி, மொத்தக் கடன் 200 கோடி, எடையிட்ட சராசரி 9.2 சதவீதம். பொதுப் பணத்தில் கட்டப்படும் இன்னொரு ஆலையில் ஆண்டின் சராசரிச் செலவு 24 கோடி என்றால், ஏறக்குறைய 2.21 கோடி வட்டி அதன் அடக்கத்தில் சேரும். பழைய கடனை விட்டுவிட்டு 8 சதவீதத்தில் கணக்கிட்டிருந்தால் 1.92 கோடிதான் சேர்ந்திருக்கும். சேரும் தொகை அந்த ஆண்டு உண்மையில் ஏற்பட்ட மொத்தக் கடன் செலவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மட்டும் உண்டு.

முதல் ஆலையின் நிறுத்தும் நாளைத் தவறாகக் குறித்தால், அந்தத் தவறு இங்கேயும் வந்து சேரும். இருபத்து மூன்றாம் மாதம்வரை அந்தக் கடனைத் தனிக் கடனாகவே வைத்திருந்தால், அந்த மூன்று மாதங்களுக்கு இரண்டாவது ஆலையின் வட்டி விகிதம் 9.2-க்குப் பதில் 8 சதவீதமாகக் கணக்கிடப்பட்டிருக்கும். ஆக, நாளைத் திருத்தும்போது முதல் ஆலையின் 3 கோடி வட்டியையும் தேய்மானத்தையும் சரிசெய்வதோடு வேலை முடிவதில்லை. பொதுக் கடன் பட்டியலை இருபத்தோராம் மாதத்திலிருந்து மறுபடி போட்டு, இரண்டாவது ஆலையின் முடிவுறாப் பணிக் கணக்கையும் திருத்த வேண்டும்.